வீட்டுக்கடனில் ஒரு வருடத்து அசலும் வட்டியும்: அட்டவணையா, பாக்கிக் கணக்கா, வங்கிச் சான்றா?

கோத்தகிரி, குன்னூர் பக்கத்திலிருந்து இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "2024-25க்கு ரிட்டர்ன் எழுத வேண்டும். கடன் வாங்கும்போது கொடுத்த தவணை அட்டவணை கையில் இருக்கிறது. அதில் அந்த 12 வரிகளைக் கூட்டிப் போட்டால் போதாதா? சான்றிதழுக்கென்று கோயம்புத்தூர் வரை இறங்கித்தான் ஆக வேண்டுமா?" மலையில் குடியிருக்கிற பலருக்குக் கடன் கணக்கு சமவெளிக் கிளையில் இருக்கிறது. அதனால் இந்தக் கேள்விக்கு இங்கே கொஞ்சம் கனம் அதிகம்.

சிலருக்குக் கூட்டினால் போதும். சிலருக்கு அதே கூட்டல் எட்டாயிரம் ரூபாய் நஷ்டத்தில் கொண்டுபோய் விடும். யாருக்கு எது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம். வழிகள் மூன்று: அட்டவணையின் வரிகளைக் கூட்டுவது, வருட ஆரம்பத்துப் பாக்கிக்கும் முடிவுப் பாக்கிக்கும் உள்ள வித்தியாசத்தை எடுப்பது, கடன் கொடுத்தவரிடமிருந்தே வட்டிச் சான்று வாங்குவது.

## முதலில், இந்தக் கணக்கு உங்களுக்கு வேண்டுமா?

பழைய வரிமுறையில் இருப்பவருக்குத்தான் இந்தப் பிரிப்பு முழுதாகப் பயன்படும். திருப்பிக் கட்டிய அசல் வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் கழிவாகப் போகிறது. பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் சேர்ந்து 1,50,000 ரூபாய் என்பது அங்கே உச்சவரம்பு. வட்டி 24(பி) பிரிவில் போகிறது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு அதன் உச்சவரம்பு 2,00,000 ரூபாய். புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டுமே கிடையாது. ஊட்டியில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள் என்றால் மட்டும், புதிய முறையிலும் வாடகை வருமானத்தில் வட்டியைக் கழிக்கலாம். அப்போது உங்களுக்கு வட்டித் தொகை வேண்டும், அசல் தொகை வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானமுள்ளவருக்கு வரி இல்லை. சம்பளக்காரருக்கு நிலைக்கழிவோடு சேர்த்து அது 12.75 லட்சம். ஆகவே 2024-25க்கு இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டுகிற பலர் 2025-26க்கு இதைத் தொடவே மாட்டார்கள். 2024-25க்கு அந்தச் சலுகை இல்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, அந்த வருடம் உண்மையில் நடந்ததை இந்த வழி காட்டுகிறதா? முன்கூட்டிக் கட்டிய தொகை, வட்டி விகித மாற்றம், தவறிய தவணை எல்லாம் இதில் அடங்கும்.

இரண்டாவது, வருடத்தின் எல்லை. வரி வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. கடனுக்கென்று தனியாக ஒரு வருடம் இருக்கிறது, தவணைத் தேதிக்கென்று ஒரு மாதம் இருக்கிறது. இவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

மூன்றாவது, கேட்டால் காட்ட முடிகிற காகிதமா? பள்ளி அலுவலகமோ வரித்துறையோ கேட்கும்போது எக்செல் தாளை நீட்ட முடியாது.

நான்காவது, அலைச்சலும் நேரமும்.

இவற்றில் முதலாவதுதான் பணத்தைத் தீர்மானிக்கிறது. மற்றவை வசதி.

## ஓர் உதாரணக் கடன்

கோத்தகிரி பக்கம் கட்டி முடித்த வீட்டை வாங்கிய ஒரு தனியார் பள்ளி ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். கடன் 20,00,000 ரூபாய், வட்டி 9 சதவீதம், 15 வருடம், அதாவது 180 தவணை. மாதத் தவணை 20,285. முதல் தவணை 2023 ஜூன் 5. சம்பளம் வருடத்துக்கு 9 லட்சம், பி.எஃப்.பும் எல்.ஐ.சி.யும் சேர்த்து 40,000. 2024-25இல் பழைய முறைதான் அவருக்கு லாபம்: கடன் கழிவுகளைச் சரியாகப் போட்டால் வரி 19,800 ரூபாய் அளவில் நிற்கிறது, புதிய முறையில் 33,800 ஆகிறது.

2024 அக்டோபரில் ஒரு சீட்டு முடிந்து கைக்கு வந்த பணத்திலிருந்து 1,00,000 ரூபாயை அக்டோபர் 5ஆம் தேதித் தவணையோடு சேர்த்துக் கட்டிவிட்டார். தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். வட்டி விகிதம் அந்த வருடம் முழுக்க 9 சதவீதத்திலேயே நின்றது. ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரியிலிருந்து 2025 பிப்ரவரி வரை 6.50இலேயே நின்றதால் இப்படி வைத்துக்கொள்வது பெரிய கற்பனையும் இல்லை.

இனி மூன்று வழிகளையும் இந்தக் கடன்மேல் ஓட்டிப் பார்ப்போம்.

## வழி 1: அட்டவணை வரிகளைக் கூட்டுவது

அட்டவணையில் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு வரி: தவணை எண், தேதி, வட்டி, அசல், மீதிப் பாக்கி. வேலை எளிது. 2024 ஏப்ரல் 5 முதல் 2025 மார்ச் 5 வரையுள்ள 12 வரிகளைக் கண்டுபிடித்து வட்டிப் பத்தியைத் தனியாகவும் அசல் பத்தியைத் தனியாகவும் கூட்ட வேண்டும்.

முதல் சறுக்கல் வரி எண்ணில் வருகிறது. முதல் தவணை 2023 ஜூன் என்றால் 2024 ஏப்ரல் 11ஆம் தவணை, 2025 மார்ச் 22ஆம் தவணை. ஆகவே கூட்ட வேண்டியது 11 முதல் 22 வரை. ஆனால் இணையத்துக் கால்குலேட்டர்கள் சிலவற்றில் "வருடம் 2" என்று ஒரு மொத்தம் வரும். அது 13 முதல் 24 வரையுள்ள தவணைகள், அதாவது ஜூன் முதல் மே வரை. அதை அப்படியே எழுதிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நம் உதாரணத்தில் அதனால் வட்டி ஆயிரத்துச் சொச்சம் குறைந்து அசல் அதே அளவு கூடிவிடும். பெரிய தொகை இல்லை. சான்றிதழோடு ஒட்டாமல் நிற்கும், ஏன் ஒட்டவில்லை என்பதும் புரியாது.

அட்டவணைக் காகிதம் தொலைந்துவிட்டால் எக்செல்லில் இரண்டே வரியில் எடுக்கலாம்:

```
=CUMIPMT(0.09/12, 180, 2000000, 11, 22, 0)
=CUMPRINC(0.09/12, 180, 2000000, 11, 22, 0)
```

முதலாவது வட்டி, இரண்டாவது அசல். விடை கழித்தல் குறியோடு வரும், பயப்பட வேண்டாம். கைக்கணக்கோடு சில ரூபாய் வித்தியாசமும் வரும். எக்செல் தவணையை 20,285.33 என்று பைசாவோடு எடுத்துக்கொள்கிறது, வங்கி ரூபாய்க்கு முழுமையாக்கிவிடுகிறது.

அட்டவணைப்படி நம் ஆசிரியைக்குக் கிடைப்பது: வட்டி 1,72,189, அசல் 71,231. கூட்டினால் 2,43,420. பன்னிரண்டு தவணைக்குச் சரியாக இருக்கிறது. சரியாக இருப்பதுதான் இங்கே சிக்கல். அவர் அந்த வருடம் கட்டியது 3,43,420. அக்டோபரில் கட்டிய ஒரு லட்சம் இந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை. 2023இல் அச்சடித்த அட்டவணைக்கு 2024 அக்டோபரில் நடந்தது தெரியாது.

இதனால் இரண்டு பக்கமும் தப்பாகிறது. அசல் குறைவாக நிற்கிறது, ஏனென்றால் முன்கூட்டிக் கட்டியதும் அசல் திருப்பியதுதான், 80சி-யில் அதற்கும் இடமுண்டு. வட்டி கூடுதலாக நிற்கிறது, ஏனென்றால் நவம்பரிலிருந்து வட்டி குறைந்த பாக்கியின்மேல் ஓடுகிறது. அட்டவணையில் நவம்பர் வட்டி 14,284. உண்மையில் விழுந்தது 13,534. அந்த 750 ரூபாய் அசலுக்குப் போகிறது, அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போகிறது.

எப்போது இதுவே போதும்: நிலையான வட்டி, ஒரு தவணையும் தவறவில்லை, கூடுதலாக ஒன்றும் கட்டவில்லை என்றால் அட்டவணை சொல்வதும் நடந்ததும் ஒன்றுதான். வருட ஆரம்பத்திலேயே பள்ளியிலோ அலுவலகத்திலோ உத்தேசக் கணக்கு கொடுக்கவும், எந்த வரிமுறை லாபம் என்று முன்கூட்டிப் பார்க்கவும் இதைவிடச் சுலபமான வழி இல்லை.

மறைந்திருக்கும் செலவு: மாறும் வட்டிக் கடனில் பழைய அட்டவணை சீக்கிரம் செத்துப்போகிறது. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று முறை ரெப்போவைக் குறைத்து 6.50இலிருந்து 5.50க்குக் கொண்டுவந்தது. ரெப்போவோடு கட்டிய வங்கிக் கடன்களில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியை மாற்றியமைத்தாக வேண்டும். ஆகவே 2025-26க்குப் பழைய அட்டவணையைத் தொடவே தொடாதீர்கள், புதிதாக ஒன்று கேட்டு வாங்குங்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கும் இதே கதைதான். மலையில் அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று பணம் பகுதி பகுதியாக வருகிறது, இரண்டு மழைக்காலம் நடுவில் புகுந்துகொள்கிறது. முழுக் கடனும் முதல் நாளே வந்ததாக நினைத்து அச்சடித்த அட்டவணைக்கும் அந்தக் கடனுக்கும் சம்பந்தமே இருக்காது.

## வழி 2: பாக்கியிலிருந்து பாக்கியைக் கழிப்பது

இதற்கு அட்டவணையே வேண்டாம். மூன்று எண் போதும்: வருட ஆரம்பத்துப் பாக்கி, வருட முடிவுப் பாக்கி, அந்த வருடம் கட்டிய மொத்தம்.

ஆரம்பப் பாக்கியிலிருந்து முடிவுப் பாக்கியைக் கழித்தால் குறைந்த அசல். கட்டிய மொத்தத்திலிருந்து அந்த அசலைக் கழித்தால் வட்டி. இதில் விகிதமும் தவணை எண்ணும் எங்கும் வருவதில்லை. வருடத்தில் வட்டி ஐந்து முறை மாறியிருந்தாலும் கணக்கு அசையாது.

ஆசிரியைக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 மார்ச் 5 தவணை கட்டியபின் பாக்கி 19,45,330. 2025 மார்ச் 5 தவணை கட்டியபின் பாக்கி 17,70,292. குறைந்த அசல் 1,75,038. கட்டியது 12 தவணையும் ஒரு லட்சமும், மொத்தம் 3,43,420. ஆக வட்டி 1,68,382.

அட்டவணைக் கூட்டலோடு ஒப்பிட்டால் வட்டி 3,807 குறைவு, அசல் 1,03,807 கூடுதல். அந்த ஒரு லட்சமும், அது மிச்சப்படுத்திய 3,807 வட்டியும் அசல் பக்கம் வந்து சேர்ந்துவிட்டன. இரண்டு வித்தியாசத்துக்கும் நடுவில் சரியாக ஒரு லட்சம் இருப்பதே கணக்கு சரி என்பதற்குச் சாட்சி.

வரியில் இதற்கு என்ன மதிப்பு? 80சி-யில் அவருக்கு மீதியிருக்கும் இடம் 1,10,000. அட்டவணைப்படி போட்டால் 71,231 மட்டும் உட்காரும், 38,769 ரூபாய் இடம் காலியாகக் கிடக்கும். 20 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீதச் செஸ்ஸும் சேர்த்தால் நஷ்டம் 8,064 ரூபாய். வட்டியைக் கூடுதலாகக் காட்டியதில் கிடைத்த "லாபம்" 792 ரூபாய். அதுவும் உரிமையில்லாத லாபம், பின்னால் கேள்வி வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியது.

ஏற்கெனவே பி.எஃப்., பி.பி.எஃப். எல்லாம் போட்டு 1,50,000ஐ நிரப்பிவிட்டவருக்கு இந்த எட்டாயிரம் கிடையாது. அவர் வட்டியை மட்டும் சரியாக எடுத்தால் போதும்.

இந்த வழியில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, பாக்கியை எந்த நாளில் எடுக்கிறோம் என்பது. மேலே நான் இரண்டு மார்ச் 5ஐ எடுத்தேன். வங்கி ஸ்டேட்மென்டைப் பார்த்தால் மார்ச் 31 பாக்கி வேறு மாதிரி இருக்கும். பல வங்கிகள் மாதக் கடைசி நாளில் அந்த மாதத்து வட்டியைக் கணக்கில் பற்று எழுதிவிடும், தவணை அடுத்த மாதம் 5ஆம் தேதி வரவாகும். ஆகவே 2024 மார்ச் 31இல் பாக்கி 19,45,330 இல்லை. 26 நாள் வட்டி சுமார் 12,471 ரூபாய் அதன்மேல் ஏறி 19,57,801 ஆக நிற்கும். 2025 மார்ச் 31இலும் அப்படியே, சுமார் 11,349 ஏறி 17,81,641. இந்த இரண்டையும் வைத்துப் போட்டால் வட்டி 1,67,260 வருகிறது. முன்பு வந்ததைவிட 1,122 குறைவு.

இரண்டும் தப்பில்லை. முதலாவது மார்ச் 5 முதல் மார்ச் 5 வரை ஓடிய வட்டி, இரண்டாவது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை ஓடிய வட்டி. 24(பி) பிரிவு கேட்பது அந்த வருடத்துக்குச் செலுத்த வேண்டிய வட்டியை. அதனால் வரிக் கணக்குக்குப் பொருந்துவது இரண்டாவது. வங்கிச் சான்றும் பெரும்பாலும் அதோடுதான் ஒத்துப்போகும். "நான் கூட்டியதற்கும் வங்கி கொடுத்ததற்கும் ஆயிரம் ரூபாய் உதைக்கிறதே" என்று கேட்பவர்களுக்கு அநேகமாக இதுதான் பதில். செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: ஆரம்பத்துக்கு அட்டவணையின் மார்ச் 5 பாக்கியையும் முடிவுக்கு ஸ்டேட்மென்டின் மார்ச் 31 பாக்கியையும் கலப்பது. அப்படிச் செய்தால் பதினோராயிரத்துச் சொச்சம் வித்தியாசம் வந்து நிற்கும்.

இரண்டாவது கவனம் பற்றுப் பத்தியில். கடன் கணக்கில் பற்று விழுவது வட்டி மட்டுமல்ல. தவணை திரும்பியதற்கான கட்டணம், அபராதம், வீட்டு இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாம் அதே கணக்கில் விழலாம். பாக்கிக் கணக்கு இவற்றைப் பிரித்துப் பார்க்காது, எல்லாவற்றையும் "வட்டி" என்று சேர்த்துவிடும். 2024 ஏப்ரல் முதல் வங்கிகள் அபராதத்தை வட்டியாக ஏற்றாமல் தனிக் கட்டணமாகத்தான் போட வேண்டும் என்பதால் இப்போது ஸ்டேட்மென்டில் அது தனி வரியாகத் தெரியும். பற்றுப் பத்தியை மேலிருந்து கீழே ஒரு முறை விரல் வைத்துப் பாருங்கள். மாதத்துக்கு ஒன்று என்று பன்னிரண்டு வட்டி வரி இருக்கும். அதைத் தவிர வேறென்ன இருந்தாலும் அதைக் கூட்டி, வந்த வட்டியிலிருந்து கழித்துவிடுங்கள்.

எப்போது இது சிறந்தது: முன்கூட்டிக் கட்டிய வருடம், வட்டி மாறிய வருடம், கடனை ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய வருடம். கடைசியில் சொன்னதில் இரண்டு கணக்குக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். பழைய கடனை மூடப் புது வங்கி கட்டிய தொகையை நீங்கள் கட்டிய அசலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு: ஏப்ரல் முதல் மார்ச் வரை முழு ஸ்டேட்மென்ட் வேண்டும். நெட் பேங்கிங் இருந்தால் ஐந்து நிமிடம். இல்லையென்றால், கணக்கு சமவெளியில் இருக்கிறவருக்கு ஒரு நாள். மழை நாளில் நெட்டும் கரண்டும் போய் ஒரு வாரம் ஆவதும் உண்டு.

## வழி 3: வட்டிச் சான்றிதழ்

காகிதம் என்ற அளவில் இதற்கு நிகர் இல்லை. கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர், பான் எண், கடன் கணக்கு எண், வருடம், அசல், வட்டி, இணைக் கடனாளியின் பெயர் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். வேலை செய்யும் இடத்தில் கொடுக்கிற 12பிபி படிவத்துக்குக் கடன் கொடுத்தவரின் பெயர், முகவரி, பான் வேண்டும். 2024-25 ரிட்டர்னில் கடன் அனுமதியான தேதி, கடன் தொகை, மார்ச் 31 பாக்கி வரை கேட்கிறார்கள். ஆகவே சான்றோடு ஸ்டேட்மென்டின் கடைசிப் பக்கத்தையும் எடுத்து வையுங்கள்.

ஆனால் சான்றிலும் இரண்டு வகை இருக்கிறது, பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான். வருடம் முடியும் முன் வாங்கினால் வருவது தற்காலிகச் சான்று. அதுவரை நடந்ததை உள்ளபடி எடுத்துக்கொண்டு, மீதி மாதங்களுக்கு அப்போதைய அட்டவணையை ஓட்டி மொத்தம் போடுவார்கள். தாளின் மூலையில் "உத்தேசம்" என்ற பொருளில் ஒரு சொல்லும், எடுத்த தேதியும் இருக்கும். நம் ஆசிரியை பள்ளியில் கேட்டார்கள் என்று 2024 ஜூலையிலேயே ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். அக்டோபர் ஒரு லட்சம் அதில் வர வழியில்லை. பள்ளி அந்தத் தாளை வைத்துத்தான் படிவம் 16 போட்டிருக்கும், அதில் அசல் 71,000 சொச்சம்தான் நிற்கும்.

அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. படிவம் 16இல் வராத அசலையும் ரிட்டர்னில் நேராகக் கோரலாம். மார்ச் 31க்குப் பிறகு எடுத்த இறுதிச் சான்று கையில் இருந்தால் சரி. அதில் வட்டி 1,67,260 பக்கத்திலும் அசல் 1,76,160 பக்கத்திலும் இருந்தால் வழி 2 ஒத்துப்போய்விட்டது என்று அர்த்தம். அசல் இன்னும் 71,000இலேயே நின்றால் அது பழைய தற்காலிகத் தாள், அல்லது ஒரு லட்சம் வேறு கணக்கில் வரவாகியிருக்கிறது. அப்போது கிளையைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

எப்போது இது சிறந்தது: ரிட்டர்ன் எழுதும்போது, எல்லோருக்கும். கேள்வி வந்தால் காட்டுவதற்கு இதுதான்.

மறைந்திருக்கும் செலவு: சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. பெரிய வங்கிகளில் கணினி போட்டுத் தருகிறது. சில சிறு கூட்டுறவுச் சங்கங்களில் லெட்ஜரைப் பார்த்துச் செயலாளர் கையால் எழுதித் தருவார். சங்கத்துக்குக் குறை சொல்லவில்லை, அவர்களும் அட்டவணையைப் பார்த்தே எழுதிவிடுகிற நாள் உண்டு. வழி 2ஐ ஒரு முறை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | அட்டவணைக் கூட்டல் | பாக்கி வித்தியாசம் | இறுதிச் சான்று |
|---|---|---|---|
| நம் உதாரணத்தில் வட்டி | 1,72,189 | 1,67,260 (மார்ச் 31 பாக்கியில்) | இதற்குப் பக்கத்தில் |
| நம் உதாரணத்தில் அசல் | 71,231 | 1,76,160 | இதற்குப் பக்கத்தில் |
| முன்கூட்டிக் கட்டியது தெரியுமா | தெரியாது | தெரியும் | தெரியும் |
| வட்டி மாற்றம் தெரியுமா | தெரியாது | தெரியும் | தெரியும் |
| கட்டணங்கள் வட்டியில் கலக்குமா | கலக்காது | கலக்கும், பிரிக்க வேண்டும் | கலக்கக் கூடாது |
| ஆதாரமாகக் காட்டலாமா | முடியாது | துணைக்கு மட்டும் | காட்டலாம் |
| எப்போது கிடைக்கும் | எப்போதும் | மார்ச் 31க்குப் பின் | மார்ச் 31க்குப் பின் |

என் முறை இதுதான்: ஜனவரியில் உத்தேசத்துக்கு அட்டவணை, ஏப்ரலில் ஸ்டேட்மென்ட் வந்ததும் பாக்கிக் கணக்கு, ரிட்டர்னுக்குச் சான்றிதழ். பாக்கிக் கணக்கும் சான்றும் நூறு இருநூறு ரூபாய்க்குள் நின்றால் சான்றில் உள்ளதையே எழுதுகிறேன். ஆயிரத்துக்கு மேல் உதைத்தால் எந்த நாள் பாக்கி என்று முதலில் பார்க்கிறேன், அப்புறம் பற்றுப் பத்தியை.

## மார்ச் தவணை திரும்பிவிட்டால்

இந்த ஒன்றில் மட்டும் மூன்று வழியும் மூன்று விதமாகப் பேசும். சேமிப்புக் கணக்கில் பணமில்லாமல் 2025 மார்ச் 5 தவணை திரும்பி, ஏப்ரலில்தான் கட்டினார் என்று வையுங்கள். அட்டவணை பன்னிரண்டு தவணை என்றே சொல்லும். ஆனால் 80சி-யில் அசல் உண்மையில் கட்டிய வருடத்துக்குத்தான். அந்தத் தவணைக்குள் இருந்த அசல் சுமார் 6,956 ரூபாய், அது 2025-26க்குப் போய்விடும். வட்டி அப்படியில்லை. கட்டினாலும் கட்டாவிட்டாலும் அந்த மாதத்து வட்டி அந்த வருடத்துக்குரியது, வங்கியும் மாதக் கடைசியில் பற்று எழுதியிருக்கும். ஆக வட்டிக்குப் பன்னிரண்டு மாதம், அசலுக்குப் பதினோரு தவணையும் அந்த ஒரு லட்சமும். மார்ச் 31 பாக்கியை வைத்துப் போடுகிறபோது கட்டிய மொத்தத்தில் அந்தத் தவணையைச் சேர்க்காமல் விட்டால் வட்டி தானாகவே சரியாக வரும். திரும்பியதற்கான கட்டணத்தை மட்டும் நீங்கள் கழிக்க வேண்டும்.

## உறவினரிடம் வாங்கிய கடன்

கடைசியாக, சான்றிதழே வராத கடன். மாமாவிடமோ நண்பரிடமோ பத்திரம் எழுதி வட்டிக்கு வாங்கி வீடு கட்டியவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். அந்த அசலுக்கு 80சி கிடையாது. வங்கி, கூட்டுறவு வங்கி, வீடு கட்டக் கடன் தரும் நிறுவனம் அல்லது கூட்டுறவுச் சங்கம், அரசு, சில வகை வேலைதருவோர் என்று சட்டம் வரையறுத்தவர்களிடம் வாங்கியதற்குத்தான் அது. ஆனால் வட்டி 24(பி)-யில் உண்டு. இங்கே அட்டவணைதான் ஆரம்பம்: நீங்களே எக்செல்லில் போட்டு, உண்மையில் கட்டிய தேதிகளோடு ஒத்துப்பார்த்து, பணம் வாங்குபவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டும். அவர் பெயர், முகவரி, பான் எண், கடன் தொகை, வட்டி விகிதம், அந்த வருடத்து வட்டித் தொகை, கையெழுத்து, தேதி. அவரும் அந்த வட்டியைத் தன் வருமானத்தில் காட்ட வேண்டியிருக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே கொடுங்கள், இல்லையென்றால் அந்தத் தாளுக்குப் பின்னால் காட்ட ஒன்றும் இருக்காது.